அடுத்து என்ன வரைவது? ஓராண்டுத் தொடருக்குக் கருவைத் தேர்ந்து, சோதித்து, முடிக்கும் வழி

அடுத்து என்ன வரைவது என்று தெரியாமல் நிற்பவரின் நோட்டைப் புரட்டினால், பாதியில் விட்ட யோசனைகள் நிறைய இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பொருள், அளவு, காகிதம், வண்ணம், கோணம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவு செய்ய வேண்டியிருப்பதால்தான் கை நின்றுபோகிறது. ஓராண்டுத் தொடர் என்றால் அந்த முடிவுகளில் பெரும்பகுதியை ஒரே தடவையில் எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டில் மட்டும் ஒவ்வொரு படத்திலும் மூளையைச் செலவழித்தால் போதும்.

இதை வேலைக்குப் போய்க்கொண்டே வரைபவர்களுக்காக எழுதுகிறேன். மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் என் சனிக்கிழமை ஓவிய வகுப்புக்கு வரும் ஒரு தங்கையின் தொடரை முழுவதும் எடுத்துக்காட்டாக வைக்கிறேன். அவர் பள்ளி ஆசிரியை, காத்ர் போர்னில் வீடு, குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணத்தில் வரைகிறார். நீங்கள் எண்ணெய் வண்ணத்திலோ டிஜிட்டல் திரையிலோ வரைபவராக இருந்தாலும் படிகளின் வரிசை இதேதான். காகிதக் கணக்கு மட்டும் மாறும்.

தொடங்கும் முன் வேண்டியவை மூன்று: கடந்த ஓராண்டின் ஸ்கெட்ச் நோட்டுகள், கையில் ஒரு நாட்காட்டி, படங்களைத் தட்டையாக அடுக்க மூடியுள்ள ஒரு பெட்டி. புது வண்ணமோ புதுக் காகிதமோ இப்போது வாங்காதீர்கள். எவ்வளவு, எது என்பது ஆறாம் படியில்தான் தெரியும்.

## 1. முதலில் நேரத்தை அளந்து, எத்தனை படம் என்று முடிவு செய்யுங்கள்

புதிதாகத் தொடங்கும் பலரும் “வாரம் ஒன்று, ஆண்டுக்கு 52” என்று ஆரம்பிப்பார்கள். ஏழாவது வாரத்தில் ஒன்று தவறும். அப்புறம் இரண்டு கடனாகும். கடன் ஏறியதும் நோட்டைத் திறக்கவே மனம் வராது. கருவைப் பற்றி யோசிக்கும் முன்பே எண்ணிக்கையை முடிவு செய்யச் சொல்வதற்கு இதுதான் காரணம். பன்னிரண்டு படங்களுக்குப் பொருந்தும் கரு ஐம்பதுக்குத் தாங்காது, ஐம்பது கேட்கும் கரு பன்னிரண்டில் அரைகுறையாக நிற்கும்.

வழக்கமான அளவில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, முதல் சிறு ஸ்கெட்ச் முதல் ஸ்கேன் வரை ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். நினைவிலிருந்து சொன்னால் எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் கோணம் தேடும் நேரத்தையும் வண்ணத்தட்டைக் கழுவும் நேரத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தங்கைக்கு ஒரு படத்துக்கு 9 மணி நேரம் ஆனது. வாரத்தில் அவரால் ஒதுக்க முடிந்தது 6 மணி நேரம். புயல் எச்சரிக்கை, தேர்வுத்தாள் திருத்தும் காலம், திருவிழா என்று நான்கு வாரங்களைக் கழித்தால் மிச்சம் 48 வாரம், அதாவது 288 மணி நேரம். 9-ஆல் வகுத்தால் 32 படங்கள். அந்த 32-இல் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்: 24 படங்கள், மாதம் இரண்டு. கழித்த கால் பங்கு, கெட்டுப்போகும் படங்களுக்கும் வெளியே போய்ப் பார்க்கும் நேரத்துக்கும் போய்விடும்.

## 2. கருவைக் கண்ணால் காணும் பொருள்வரை இறக்குங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் வரும் கருக்கள் எல்லாம் பெரிய சொற்களாக இருக்கும்: நினைவு, வேர், இழப்பு, பெண்மை. “நம் பண்பாடு” என்றுதான் தங்கையும் ஆரம்பித்தார். இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு காகிதத்தின் முன் உட்கார்ந்தால், எதை வரைவது என்ற பழைய கேள்வி அப்படியே திரும்பி வரும். அடுத்து “மொரீஷியஸ் கோவில்கள்” என்றார். இதில் கண்ணுக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோவிலுக்கும் பயணம் போக வேண்டும், கோபுரத்தின் சிற்ப வேலையை வரைந்தால் 9 மணி நேரம் 30 ஆகும். எட்டாவது படத்துக்குமேல் வேறு புதிதாக என்ன சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

கருவை யோசித்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பழைய நோட்டில் தேடுங்கள். யாரும் கேட்காமல், எதற்கென்று தெரியாமல் உங்கள் கை வரைந்துவைத்த பக்கங்களை மட்டும் பாருங்கள். போனில் பேசிக்கொண்டே, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கூட்டத்தில் அலுப்புடன் கிறுக்கியவை. எது மூன்று முறைக்குமேல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தங்கையின் நோட்டில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். பலருக்கு முகமே இல்லை. கையும் பையும் மட்டும் கவனமாக வரையப்பட்டிருந்தன. பனையோலை போன்ற வாக்குவா இலையில் முடைந்த தாந்த் பஸார் என்னும் சந்தைக் கூடை மட்டும் ஆறு பக்கங்களில் இருந்தது.

“இது சும்மா நேரம் போக வரைஞ்சது அக்கா,” என்றார்.

“சும்மா வரைஞ்சதுதான் நமக்கு வேணும்,” என்றேன்.

கிடைத்ததை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும்: எதைப் பார்க்கிறேன், எந்தச் சட்டத்துக்குள் பார்க்கிறேன், என்ன தேடுகிறேன். தங்கையின் வாக்கியம் இது:

*இந்தத் தீவில் மனிதர்கள் சுமந்து செல்லும் பொருள்கள். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும். சுமையின் எடை உடலை எப்படி வளைக்கிறது என்று பார்ப்பது.*

மூன்றாவது பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தொடர் வெறும் பொருள் அட்டவணையாகிவிடும்: ஒரு பை, ஒரு கூடை, ஒரு குடை. தேடல் இருக்கும்போது அதே கூடையை இரண்டு முறை வரையலாம், ஒருமுறை காலியாக, ஒருமுறை பூசணியும் மரவள்ளியும் நிரம்பியதாக. இரண்டும் வேறு வேறு படங்கள்.

வாக்கியம் கிடைத்ததும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? ஆண்டு நகர நகர இது தானாகவே மாறுமா? இப்போதைய திறமைக்குள் வரையலாம், ஆனாலும் ஏதோ ஒன்று கடினமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் இணையத்தில் கிடைக்கும் அடுத்தவர் புகைப்படங்களை நம்பி வரைய நேரிடும். இரண்டாவதற்கு இல்லை என்றால் ஐந்தாம் மாதம் அலுப்புத் தட்டும். மூன்றாவதற்கு இல்லை என்றால் கை பழகிய பாதையிலேயே ஓடும், ஆண்டு முடிவில் கற்றது எதுவும் இருக்காது. சுமப்பவர்கள் மூன்றிலும் தேறினார்கள். கடினமான பகுதி கைவிரல்கள்.

## 3. நாற்பது வரிப் பட்டியல் எழுதுங்கள்

24 படங்களுக்கு 40 வரிகள் வேண்டும். ஒரு வரி என்றால் ஒரு படம், அதைப் படித்ததும் படம் கண்ணில் தெரிய வேண்டும். “சந்தை” என்பது வரி ஆகாது. “சந்தையிலிருந்து திரும்பும் பெண், இரு கையிலும் கூடை, இடது கூடை கனமானது” என்பது வரி.

முதல் பதினைந்து தடங்கல் இல்லாமல் வரும், எல்லாருக்கும் தோன்றும் வரிகள் அவை: காவடி, பால்குடம், பள்ளிப்பை, குடை, சந்தைக் கூடை. அங்கே நின்றுவிடாதீர்கள். பதினாறிலிருந்து இருபத்தைந்து வரை திணறுவீர்கள். அப்போது நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்காமல் வெளியே போய் நில்லுங்கள். தங்கை காத்ர் போர்ன் சந்தை ஓரத்தில் ஒரு காலை நேரம் நின்றுவிட்டு வந்ததும் எழுதியவை: வயிற்றோடு அணைத்துப் பிடித்த 12 கிலோ காஸ் சிலிண்டர், இடுப்பில் தூங்கும் குழந்தை, அக்குளில் இடுக்கிய நீளமான ரொட்டி, துணி வியாபாரி தோளில் போட்ட மடிக்காத துணிக்கட்டு, மெட்ரோவில் மடியில் கேக் பெட்டியை இரு உள்ளங்கையாலும் தாங்கும் இளைஞர். வீட்டில் உட்கார்ந்திருந்தால் இவற்றில் ஒன்றும் வந்திருக்காது.

நாற்பது ஆனதும், பட்டியலைப் பொருள்படி பிரிக்காமல் உங்கள் தேடல்படி பிரித்துப் பாருங்கள். தங்கை எடை விழும் இடத்தை வைத்து ஐந்தாகப் பிரித்தார்: தலையில், தோளில், ஒரு கையில், இரு கையில், உடலோடு அணைத்து. நாற்பதில் பத்தொன்பது “ஒரு கையில்” பிரிவில் விழுந்தன. அப்படியே வரைந்திருந்தால் தொடரில் பாதி ஒரே உடல்நிலையாக இருந்திருக்கும். பாதியை நீக்கி, தலைச்சுமைக்கும் அணைத்த சுமைக்கும் வரிகள் சேர்த்தார்.

இருபத்தைந்துக்குமேல் போகவே முடியாவிட்டால் கரு சிறியது என்று அர்த்தம். வாக்கியத்தின் நடுப்பகுதியை, அதாவது சட்டத்தை, கொஞ்சம் அகலப்படுத்திப் பாருங்கள். நாற்பது பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் கரு இன்னும் பெரிய சொல்லாகவே இருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

## 4. மாறாதவை மூன்று, மாறுபவை இரண்டு

ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு மாறாமல் இருப்பவைதான் பார்ப்பவருக்குத் தொடர் என்ற உணர்வைத் தரும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 36 காட்சிகளாக அறிவித்து, பிறகு பத்தைச் சேர்த்து 46 ஆக்கினார். எல்லாவற்றிலும் மலை இருக்கிறது. ஆனால் சிலவற்றில் அது மூலையில் விரல்நகம் அளவுக்குத்தான் தெரியும், முன்னால் பீப்பாய் செய்பவரோ மரம் அறுப்பவரோ வேலை செய்துகொண்டிருப்பார். மாறாத ஒன்று படத்தை நிரப்பத் தேவையில்லை, இருந்தால் போதும் என்பதை அதில் பார்க்கலாம்.

தங்கை நிலையாக வைத்தவை: காகித அளவு, தோள்முதல் முழங்கால்வரை என்ற வெட்டு, நான்கு அடிப்படை வண்ணங்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவை: பின்னணி, படத்துக்கு ஒரு கூடுதல் வண்ணம்.

மூன்றுக்குமேல் கட்டினால் பத்தாவது படத்தில் மூச்சு முட்டும். மாறுபவை நான்கு ஐந்தாகிவிட்டால் மறுபடி ஒவ்வொரு படத்துக்கும் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கும், தொடரால் எந்த லாபமும் இல்லை.

முகத்தை வெட்டியதில் ஒரு நடைமுறை நன்மையும் இருந்தது. தெருவில் பார்ப்பவர்களின் அடையாளம் படத்தில் தெரியாது, அதனால் ஸ்கெட்ச் எடுக்கக் கூச்சம் குறைந்தது. முகம் இல்லாததால் எடையைச் சொல்லும் வேலை முழுக்கத் தோளுக்கும் இடுப்புக்கும் கைக்கும் வந்து சேர்ந்தது, தேடலுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

## 5. நான்கு சோதனைப் படங்கள்

பட்டியலிலிருந்து நான்கு வரிகளை எடுத்து உண்மையான அளவிலேயே முடியுங்கள். சிறிதாக வரைந்து பார்த்தால் போதாது. விரல் மடிப்பு சிறு அளவில் நான்கு கோடுகளில் முடிந்துவிடும், பெரிய அளவில்தான் தெரியாதது தெரியவரும்.

நான்கும் வேறு வேறு காரணத்துக்காக: எல்லாருக்கும் தோன்றும் ஒன்று, சலிப்பாகத் தோன்றும் ஒன்று, மிகக் கடினமான ஒன்று, கையில் ஸ்கெட்சோ படமோ எதுவும் இல்லாத ஒன்று. தங்கையின் தேர்வு முறையே பால்குடம், அலுவலகப் பை, காஸ் சிலிண்டர், ரொட்டி.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சலிப்பான படம். 24-இல் பத்துப் பன்னிரண்டு அந்த ரகமாகத்தான் இருக்கும். அதை வரையும்போது ஏதாவது ஒன்றாவது உங்களைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் கரு தாங்காது, இப்போதே மாற்றிவிடுங்கள். அலுவலகப் பையை வரைந்தபோது, பைப்பட்டை நழுவாமலிருக்க அந்தப் பக்கத் தோள் தானாக உயர்வதைத் தங்கை கவனித்தார். அதற்குப் பிறகு தெருவில் எல்லாத் தோள்களையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கரு தேறியதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இன்னொன்று: சோதனைப் படங்களில் எதற்கும் முதல் படியில் அளந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு செலவழிக்காதீர்கள். முதல் படத்தை 20 மணி நேரம் மெருகேற்றுபவர் மற்ற 23 படங்களும் அதே மெருகில் வர வேண்டும் என்று தன்னையே கட்டிப்போட்டுவிடுகிறார். வகுப்பில் நான் பார்த்த கைவிட்ட தொடர்களில் பலவற்றில் மிக அழகான படம் முதல் படம்தான்.

## 6. காகிதமும் வண்ணமும் ஒரே தடவையில்

இப்போது வாங்கலாம். நம் தீவுக்கு நல்ல நீர்வண்ணக் காகிதம் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. கடையில் இன்று இருக்கும் ரகம் ஆறு மாதத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் காகிதம் மாறினால் வெள்ளையின் சாயலும் வண்ணம் உறிஞ்சும் விதமும் மாறும், பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

56 × 76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 19 × 28 செ.மீ. வரும். சேதம் இல்லை. அதோடு, இந்த அளவு வீட்டிலுள்ள சாதாரண ஏ4 ஸ்கேனரின் கண்ணாடிக்குள் முழுதாக அடங்கும், பெரிய ஸ்கேனருக்கு வெளியே அலைய வேண்டாம். 24 படங்களுக்கு மூன்று தாள் போதும். கெடுபவைக்கும் சோதனைக்கும் சேர்த்து ஐந்து வாங்குங்கள், 40 துண்டு கிடைக்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளாக இருந்தால் இந்தச் சிறு அளவில் குவாஷுக்குப் பெரிதாக வளையாது.

தங்கையின் நான்கு வண்ணங்கள்: அல்ட்ரமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், வெள்ளை. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்பு வாங்காமலே ஆழமான அடர்நிறம் கிடைக்கும். கலவையில் எது கூடுகிறதோ அதற்கேற்ப நிழல் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ மாறும். குவாஷ் காயும்போது நிறம் நகரும். வெளிர்நிறங்கள் கொஞ்சம் அடர்ந்து காயும், அடர்நிறங்கள் வெளுத்துக் காயும். எனவே முக்கியக் கலவைகளை ஒரு துண்டில் பூசி, காயவிட்டு, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தோல்நிறத்தைக் கலக்க அது உதவும்.

ஈரம் நமக்குப் பெரிய எதிரி. கோடை மழைக்காலத்தில், குறிப்பாகக் குர்பிப் பக்கத்து மேட்டுநிலத்தில், காகிதத்தின் பசைப்பூச்சில் பூஞ்சை பிடிக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பூசியதும் அந்த இடம் மட்டும் மை உறிஞ்சும் தாள்போல் கறை கறையாகக் குடிக்கும். வெட்டிய துண்டுகளையும் முடிந்த படங்களையும் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், பெட்டி தரையில் இருக்க வேண்டாம்.

## 7. பார்க்கும் நாள் வேறு, வரையும் நாள் வேறு

நாட்காட்டியில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு தேதி வேண்டும். பருவத்தோடு கட்டுண்டவற்றை அந்தப் பருவத்தில் பார்க்கத்தான் வேண்டும், அன்றே வரைய வேண்டியதில்லை. இதைப் பிரிக்காதவர்கள் தைப்பூசத்தன்று காவடியைத் தவறவிட்டுவிட்டு, அடுத்த ஆண்டுவரை தொடரில் ஓட்டையோடு இருப்பார்கள்.

தங்கையின் அட்டவணையில் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை ஒன்பது மட்டுமே. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது புதுப் பைகள். தைப்பூசத்தில் காவடியும் பால்குடமும். மகா சிவராத்திரிக்குக் கிராண்ட் பஸ்ஸாங் ஏரி நோக்கி நடப்பவர்கள் சுமக்கும் அலங்காரச் சட்டமான காவர். மழை மாதங்களில் குடை. ஏப்ரலில் வருடப்பிறப்புக்குப் பூவும் பழமும் வாங்கித் திரும்பும் கைகள். கரும்பு வெட்டும் மாதங்களில் கத்தியும் சாப்பாட்டுப் பையும். ஆண்டுக் கடைசியில் காம்போடு கட்டிய லிச்சிக் கொத்து, புத்தாண்டுப் பரிசுப் பொட்டலங்கள். மற்ற பதினைந்தும் எப்போது வேண்டுமானாலும் வரையலாம். பருவப் படம் எதுவும் இல்லாத மாதங்களை அவை நிரப்பும்.

தைப்பூசத் தேதி சந்திரனை ஒட்டி ஜனவரி, பிப்ரவரிக்குள் நகரும். நாட்காட்டி வந்ததும் அதை முதலில் குறித்துவிடுங்கள்.

## 8. எடையைப் பார்த்துக் குறிப்பெடுப்பது

இது தங்கையின் கருவுக்கே உரிய படி. உங்கள் கரு வேறாக இருந்தால், இந்த இடத்தில் உங்கள் தேடலுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று இதேபோல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் வெளியே போனால் பொருளின் வடிவத்தை மட்டும் வரைந்துகொண்டு திரும்புவீர்கள்.

ஒரு கையில் தொங்கும் கனத்துக்கு உடல் எதிர்ப்பக்கம் சாயும். சுமக்கும் கை முழங்கையில் மடியாமல் நேராக இறங்கும், சும்மா இருக்கும் கை உடலைவிட்டு விலகி நிற்கும். தோள்பட்டையில் மாட்டினால் அந்தத் தோள் மேலேறும். சிலிண்டர்போல் முன்னால் அணைத்தால் மேலுடல் பின்னால் சாயும், இடுப்பு முன்னே தள்ளும். தலைச்சுமையில் கழுத்தும் முதுகும் நேராக நின்று, அசைவு முழுதும் இடுப்புக்குக் கீழே போய்விடும்.

ஸ்கெட்சில் முதலில் போட வேண்டிய கோடு இரண்டு தோள்களையும் இணைக்கும் கோடு. அடுத்தது இடுப்புக் கோடு. மூன்றாவது, கழுத்துக் குழியிலிருந்து செங்குத்தாக இறங்கும் கோடு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பையை அவசரமாகக் கிறுக்கினாலும் கனம் தெரியும். பையிலிருந்து தொடங்கினால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் உள்ளே பஞ்சு இருப்பதுபோல்தான் இருக்கும்.

போனில் படம் எடுப்பதானால் கிட்டே போகாதீர்கள். போன் லென்ஸ் அகலமானது, ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் முன்னால் இருக்கும் பை பெருத்து, பின்னால் இருக்கும் தோள் சுருங்கிவிடும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு நெருக்கத்தில் எடுங்கள். கோவிலில் கேட்டுவிட்டு எடுங்கள். அலகு குத்தும் இடத்தில் போனை எடுக்கவே வேண்டாம், நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. ஐரோப்பியக் கையேடுகள் வடக்கு ஜன்னல் வெளிச்சம் சீரானது என்று சொல்லும். நாம் தெற்கு 20 பாகையில் இருக்கிறோம், ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இங்கே சீரான வெளிச்சம் தெற்கு ஜன்னலில்தான். கோடை மாதங்களில் மட்டும் காலையும் மாலையும் அங்கே வெயில் எட்டிப்பார்க்கும். நவம்பர் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஜனவரி மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழல் காலடிக்குள் போய்விடும், சட்டை மடிப்புகளின் அடியில் மட்டும் கறுப்பாகத் தங்கும். ஜூனில் அதே தெருவில் நிழல் நீளும். தங்கை காவடியையும் கரும்புவெட்டையும் வெவ்வேறு வெளிச்சத்தில் வரைய இது இலவசமாகக் கிடைத்தது.

## 9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரையில் பரப்புங்கள்

ஆறு படங்கள் ஆனதும் அனைத்தையும் தரையில் பரப்பி, போனில் ஒரே படமாக எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத பழக்கம் அப்போது தெரியும். தங்கையின் முதல் ஆறில் ஐந்து உருவங்கள் இடப்பக்கமே திரும்பியிருந்தன, எல்லாவற்றிலும் அடர்நிறம் கீழே இருந்தது. அடுத்த ஆறுக்கு அதை மட்டும் குறிப்பாக எழுதி ஒட்டினார்.

விதிகளில் ஒன்றை மாற்ற விரும்பினால் அதற்கும் இந்த நாள் மட்டுமே, அதுவும் ஒன்றே ஒன்று. மாற்றம் இனி வரும் படங்களுக்குத்தான். முந்தையவற்றைத் திருத்தத் திரும்பிப் போகாதீர்கள், போனவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள்.

## 10. நடுவில் நின்றுபோனால்

ஐந்தாம் ஆறாம் மாதத்தில் நிற்பது சகஜம். கருவை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்: பட்டியலில் ஏற்கெனவே வரைந்த ஒரு வரியை எடுத்து, மாறுபவை இரண்டையும் மாற்றி மறுபடி வரையுங்கள். தங்கை ரொட்டியை மீண்டும் வரைந்தார், இந்த முறை மழையில், சட்டைக்குள் ஒளித்து. பொருள் தெரிந்ததாக இருப்பதால் கை உடனே ஓடும்.

இரண்டு வாரம் தவறினால் அந்தப் படத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கடனை அடைக்க ஒரே வாரத்தில் மூன்று வரைவது வேண்டாம். அந்த மூன்றும் தரையில் பரப்பும்போது தனியாகத் தெரியும்.

## 11. ஸ்கேன் செய்வதும் தேர்வதும்

ஒவ்வொரு படத்தையும் முழுக்கக் காய்ந்ததும் அந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள். குவாஷ் மறுபடி நனைந்தால் கரையும், விரல்பட்டாலே தடம் பதியும். அசல் எவ்வளவு குறைவாகக் கைமாறுகிறதோ அவ்வளவு நல்லது. அதே அளவில் அச்சிட 300 டிபிஐ போதும். 19 × 28 செ.மீ. படம் ஏறக்குறைய 2244 × 3307 பிக்சல் வரும். சுவர்ப்படமாக இரு மடங்கு பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் 600-இல் எடுங்கள்.

24-உம் முடிந்ததும் ஆறை எடுத்துவிட்டு 18-ஐ வையுங்கள். எடுக்க வேண்டியவை சுமாராக வரையப்பட்டவை என்று நினைக்காதீர்கள். உங்கள் வாக்கியத்தின் மூன்றாம் பகுதிக்கு ஒன்றும் சேர்க்காதவற்றை எடுங்கள். தங்கை முதலில் எடுத்தது பால்குடம். அழகான படம், பூ வேலையெல்லாம் நன்றாக வந்திருந்தது. ஆனால் குடத்தில் பால் இருப்பது தோளிலும் இடுப்பிலும் தெரியவில்லை. சுமாரான கோடுகள் கொண்ட காஸ் சிலிண்டர் தங்கியது.

பட்டியலில் வரையாமல் மிஞ்சிய வரிகளைக் கிழிக்காமல் தேதி போட்டு நோட்டின் கடைசியில் ஒட்டிவையுங்கள். அடுத்த தொடருக்கான கரு தேடும்போது, இரண்டாம் படியில் புரட்ட வேண்டிய முதல் பக்கம் அது.